‘ஒரு நாள் பார்க்கலாமா சார்?’ என்று கேட்டால் ஏன் பதில் வருவதில்லை

கேள்வி: மன்னார்குடி பக்கம் உழவர் குழு ஒன்றின் செயலாளராக இருக்கிறேன். கொள்முதல் நிலையத்தில் சாக்கு இல்லை. நுகர்பொருள் வாணிபக் கழக முதுநிலை மண்டல மேலாளருக்கு, “வணக்கம் சார், ஒரு நாள் உங்களை வந்து பார்க்கலாமா? கொஞ்சம் பேசணும்” என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பார்த்துவிட்டார், பதில் இல்லை. எப்படிக் கேட்பது?

பதில்: அறுவடை நேரத்தில் அவருக்கு வரும் செய்திகளில் பாதி இப்படித்தான் இருக்கும். “ஒரு நாள்” என்றால் எந்த நாள், “கொஞ்சம்” என்றால் பத்து நிமிடமா ஒரு மணி நேரமா, என்ன விஷயம் என்று அவர்தான் திருப்பிக் கேட்க வேண்டும். அதற்கு நேரமில்லாமல் அடுத்த செய்திக்குப் போய்விடுவார். இப்படி எழுதிப் பாருங்கள்:

“வணக்கம் சார். எங்கள் ஊர் கொள்முதல் நிலையத்தில் சாக்கு இல்லாமல் 4 நாளாக எடை போடவில்லை. சுமார் 1,200 மூட்டை நெல் களத்தில் குவிந்து கிடக்கிறது. சாக்கு எந்தத் தேதியில் வரும் என்று உறுதி செய்துகொள்ள 10 நிமிடம் வேண்டும். செவ்வாய் அல்லது புதன், காலை 11 மணிக்கு மேல் வரலாமா? போனில் பேசினாலும் போதும்.”

கீழே பெயர், பொறுப்பு, ஊர், கொள்முதல் நிலையத்தின் பெயர். அவ்வளவுதான்.

“சாக்கு விஷயமாக” என்று மட்டும் எழுதியிருந்தால் அது தலைப்பாகத்தான் நிற்கும். “எந்தத் தேதியில்” என்று கேட்டதும், அவர் கையிருப்பை விசாரித்துவிட்டு உங்களைச் சந்திக்கலாம். சில சமயம் சந்திப்பே தேவைப்படாமல் பதில் வந்துவிடும். கேட்பது அவர் அதிகாரத்துக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிய நெல்லை எடுக்கச் சொல்லி அவரிடம் நேரம் கேட்டால் பயனில்லை, அந்தத் தளர்வைத் தர வேண்டியது மத்திய அரசு. நிலையத்தில் ஈரப்பதமானி தவறாகக் காட்டுகிறது, மறுசோதனைக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்றால் அதை அவரிடம் கேட்கலாம்.

நிமிடக் கணக்கை ஊகித்துப் போடாதீர்கள். சொல்ல வேண்டியதை வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 5 நிமிடம் ஆனால் 10 என்று எழுதுங்கள், அவர் கேள்வி கேட்கவும் நேரம் வேண்டுமே. 5 என்று எழுதிவிட்டு அரை மணி உட்கார்ந்தால் அடுத்த முறை நேரம் கிடைப்பது கஷ்டம். திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் என்பதால் மாவட்ட அதிகாரிகள் பலர் அங்கே இருப்பார்கள்.

“வணக்கம் சார்” என்று மட்டும் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். “ரொம்ப அவசரம்” என்பதும் தனியாக எடுபடாது. மழை வந்தால் நனையப்போகும் 1,200 மூட்டையே அவசரத்தைச் சொல்லிவிடும். களத்தின் படம் ஒன்று போதும்.

இரண்டு வேலை நாளில் பதில் வராவிட்டால் அதே செய்தியின் கீழ், “சார், புதன் 11 மணிக்கு வரலாமா?” என்று ஒரே வரி அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அலுவலகத்துக்கு போன் செய்து, அவருடைய நேரத்தைக் கவனிக்கும் உதவியாளரிடம் இதே விவரத்தைச் சொல்லி நேரம் கேளுங்கள்.