இரண்டு சில்லர்கள், இருபது ஆண்டுகள்: ஆயுட்காலச் செலவு பற்றிய வாசகர் கேள்விகள்

சென்னையில் உள்ள எங்கள் அலுவலக வளாகத்துக்கு 300 டன் குளிரூட்டும் திறனுள்ள, ஏசிக்கான குளிர்நீரைத் தயாரிக்கும், நீரால் குளிர்விக்கப்படும் சில்லர் ஒன்று வாங்க வேண்டும். நிலையான வேகத்தில் ஓடும் ஸ்க்ரூ சில்லருக்கு 75 லட்சம் ரூபாயும், சுமைக்கு ஏற்ப மோட்டார் வேகத்தை மாற்றும் விஎஃப்டி பொருத்திய சென்ட்ரிஃபியூகல் சில்லருக்கு 125 லட்சம் ரூபாயும் விலைப்புள்ளியாக வந்துள்ளன. கூடுதலான 50 லட்சம் திரும்பி வருமா?

நீங்கள் அனுப்பிய விவரங்களின்படி ஆண்டுக்கு 4,000 மணி நேரம் ஓட்டமும், சராசரியாக 180 டன் சுமையும் உள்ளன. ஆகவே ஆண்டுத் தேவை 7,20,000 டன்-மணி. ஸ்க்ரூ சில்லரின் ஆண்டுச் சராசரி நுகர்வை டன்னுக்கு 0.68 கிலோவாட் என்றும், மற்றதன் நுகர்வை 0.53 கிலோவாட் என்றும் கொள்வோம். யூனிட் 9 ரூபாய் எனில் முதலாவதின் மின்செலவு ஆண்டுக்கு 44.06 லட்சம், இரண்டாவதினுடையது 34.34 லட்சம், வேறுபாடு 9.72 லட்சம். கூலிங் டவரும் பம்புகளும் இரண்டுக்கும் ஒன்றே என்பதால் அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. காற்றால் குளிர்விக்கப்படும் சில்லரோடு ஒப்பிட்டிருந்தால் டவர் விசிறி, கண்டென்சர் பம்பு, தண்ணீர், ரசாயனச் செலவு ஆகிய அனைத்தையும் சேர்த்தே தீர வேண்டும்.

இனி இருபது ஆண்டுச் செலவை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர வேண்டும். இன்றைய விலையில் எழுதிய ஓர் ஆண்டுச் செலவை எந்த எண்ணால் பெருக்க வேண்டும் என்பதை இந்தச் சூத்திரம் தரும். இதில் d எதிர்காலத் தொகையை இன்றைய மதிப்புக்குச் சுருக்கும் தள்ளுபடி விகிதம், e விலையேற்ற விகிதம், n ஆண்டுகள்.

```
F = (1+e)/(d-e) * (1 - ((1+e)/(1+d))^n)
```

தள்ளுபடி 11 சதவீதம், மின்கட்டண ஏற்றம் 4 சதவீதம் என்றால் F = 10.82. பராமரிப்புச் செலவு 6 சதவீதம் ஏறும் என்றால் அதற்கு 12.77. (இரண்டு விகிதங்களும் சமமாக இருந்தால் சூத்திரம் பூஜ்யத்தால் வகுக்கும், அப்போது F என்பது n-தான்.) ஆண்டுப் பராமரிப்பு முறையே 3 லட்சம், 3.5 லட்சம் என்றும், ஸ்க்ரூ கம்ப்ரசரை 10-ஆம் ஆண்டில் முழுமையாகப் பிரித்துச் சீரமைக்க 12 லட்சம், விஎஃப்டியின் மின்னணுப் பகுதிகளை 12-ஆம் ஆண்டில் மாற்ற 15 லட்சம் என்றும் இன்றைய விலையில் வைத்து, இந்த இரண்டு தொகைகளும் 6 சதவீதம் ஏறும் என்று கொண்டால், முதல் சில்லரின் மொத்தச் செலவு ஏறத்தாழ 598 லட்சம், இரண்டாவதன் செலவு 550 லட்சம். ஆகவே, கூடுதல் முதலீடு திரும்பி வருவதோடு இன்றைய மதிப்பில் சுமார் 48 லட்சம் மிஞ்சவும் செய்கிறது.

எங்கள் நிதிப் பிரிவு 11 சதவீதத் தள்ளுபடியை எடுத்துக்கொண்டு, மின்கட்டணம் ஏறாது என்று வைத்துக் கணக்கிட்டது. விடை வேறாக வந்தது. எது சரி?

அந்தக் கணக்கு தவறு. இந்தத் துறையில் நான் அடிக்கடி காணும் பிழையும் இதுதான். வங்கிக் கடன் வட்டியையோ முதலீட்டாளர் எதிர்பார்க்கும் வருவாயையோ அடிப்படையாகக் கொண்ட 11 சதவீதத்துக்குள் பணவீக்கம் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. பணவீக்கம் சேர்ந்த விகிதத்தால் எதிர்காலத் தொகையைச் சுருக்கிவிட்டு, அதே பணவீக்கத்தால் உயரவேண்டிய மின்கட்டணத்தை உயராமல் நிறுத்திவைத்தால், எதிர்காலச் சேமிப்பு இருமுறை குறைக்கப்படுகிறது. மேற்கண்ட உதாரணத்தில் எல்லா ஏற்றத்தையும் பூஜ்யமாக்கினால் F 7.96 ஆகச் சரிந்து, 48 லட்சம் ஆதாயம் 23 லட்சமாகக் குறைந்துவிடும்.

ஏற்றம் இல்லாத இன்றைய விலையிலேயே கணக்கிட விரும்பினால் தள்ளுபடி விகிதத்திலிருந்தும் பணவீக்கத்தை நீக்க வேண்டும். பணவீக்கம் 6 சதவீதம் எனில் 1.11-ஐ 1.06-ஆல் வகுக்க, 4.7 சதவீதம் கிடைக்கும். அவ்வாறே மின்கட்டண ஏற்றமும் 1.04-ஐ 1.06-ஆல் வகுத்து, மைனஸ் 1.9 சதவீதம் என்று எழுதப்பட வேண்டும். இப்படிச் செய்தால் பெருக்க எண் 10.82-க்கு மிக அருகிலேயே வரும்; தசமத்தை முழுமையாக எடுத்துக்கொண்டால் அதுவே வரும். எது சரியான முறை என்ற வாதத்தைவிட, ஒரே தாளில் இரண்டையும் கலக்காமல் இருப்பதே முக்கியம்.

யூனிட் விலையாக மாத மின்கட்டணத்தை யூனிட்டுகளால் வகுத்த எண்ணை எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. உயர் அழுத்த இணைப்பின் கட்டணத்தில் கேவிஏ அடிப்படையிலான டிமாண்ட் கட்டணமும் சேர்ந்திருக்கிறது. யூனிட் குறைவதால் அது தானாகக் குறையாது. யூனிட்டுக்கான கட்டணத்தையும் அதன் மீதான வரியையும் மட்டும் எடுங்கள். உச்சச் சுமை நேரத்திலும் புதிய சில்லர் குறைவாக இழுக்கும் என்று காட்ட முடிந்தால் மட்டுமே டிமாண்ட் சேமிப்பைத் தனி வரியாகச் சேர்க்கலாம். முழுச் சுமையில் விஎஃப்டிக்கும் சொந்த இழப்பு உண்டு என்பதை அங்கே மறக்கக்கூடாது.

இரண்டு நிறுவனங்களும் ஏறத்தாழ ஒரே தொகைக்குப் பராமரிப்பு ஒப்பந்தம் தருகின்றன. பராமரிப்பைக் கணக்கிலிருந்து விட்டுவிடலாமா?

ஒப்பந்தத் தொகை ஒன்றாக இருப்பதால் செலவும் ஒன்று என்று ஆகிவிடாது. கம்ப்ரசர் சீரமைப்பு, விஎஃப்டி பகுதிகள், குளிர்பதன வாயு ஆகியவை ஒப்பந்தத்துக்குள் வருகின்றனவா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் வராது, அவை குறிப்பிட்ட ஆண்டில் ஒரே தொகையாக வருவதால், ஆண்டுச் செலவில் பரப்பாமல் அந்த ஆண்டிலேயே வைத்துத் தள்ளுபடி செய்ய வேண்டும்.

இதைவிடப் பெரிய செலவு பராமரிக்காமல் விடுவதால் வருவது. கண்டென்சர் குழாய்களில் உப்புப் படிந்தால், வாயு நீர்மமாகும் வெப்பநிலைக்கும் வெளியேறும் நீரின் வெப்பநிலைக்கும் இடையிலான வேறுபாடு ஏறத் தொடங்கும். சுத்தமான நிலையில் 1 டிகிரியாக இருந்தது 3 டிகிரியானால், ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 2 முதல் 3 சதவீதம் மின்சாரம் கூடுதலாகச் செலவாகிறது. தினப் பதிவேட்டில் இந்த ஒரு எண்ணை எழுதிவந்தாலே படிவு எப்போது தொடங்கியது என்பது தெரிந்துவிடும்.

பகுதிச் சுமைகளில் சில்லரின் திறனைக் காட்ட விற்பனையாளரின் கையேட்டில் தரப்படும் ஐபிஎல்வி எண்ணையே ஆண்டுச் சராசரி நுகர்வாக வைக்கலாமா?

வைத்தால் விஎஃப்டி சில்லருக்குச் சாதகமாகக் கணக்கு சாய்ந்துவிடும். ஐபிஎல்வி என்பது 100, 75, 50, 25 சதவீதச் சுமைகளில் அளந்த திறனுக்கு முறையே 1, 42, 45, 12 சதவீத எடை கொடுத்துக் கிடைப்பது. சுமை குறையக் குறையக் கண்டென்சருக்குள் வரும் நீரும் குளிர்ந்துகொண்டே போகும் என்று அது கருதுகிறது: முழுச் சுமையில் 29.4 டிகிரி, பாதிச் சுமையில் 18.3 டிகிரி. சென்னையின் ஈரப்பதத்தில் கூலிங் டவர் குளிர்காலத்தில்கூட 18.3 டிகிரி நீரைத் தராது. விஎஃப்டியின் ஆதாயம் பெரிதும் குளிர்ந்த கண்டென்சர் நீரிலிருந்து பிறப்பது; நீர் வெப்பமாகவே இருந்தால், சுமை குறைந்தாலும் கம்ப்ரசர் வேகத்தை அதிகம் குறைக்க முடியாது.

இதன் விளைவு சிறியதன்று. மேலே 0.53 என்று வைத்த எண் நடைமுறையில் 0.58 ஆகிவிட்டால் 48 லட்சம் ஆதாயம் சுமார் 13 லட்சமாகச் சுருங்கும். ஒப்பிட்டுப் பார்த்தால், தள்ளுபடியை 11-லிருந்து 15 சதவீதமாக உயர்த்தினாலும் சுமார் 24.5 லட்சம் மிஞ்சுகிறது. எனவே டெண்டரிலேயே உங்கள் டவரின் வடிவமைப்புக்கு ஏற்ப, உதாரணமாக 32, 30, 28 டிகிரி நீரில், நான்கு சுமைகளுக்கும் நுகர்வு அட்டவணை கேளுங்கள். அவற்றில் இரண்டு புள்ளிகளையாவது தொழிற்சாலைச் சோதனையில் நேரில் காண்பதற்கான நிபந்தனையும் இடுங்கள்.

எங்கள் கட்டடம் பாதிதான் நிரம்பியுள்ளது. ஓட்டம் 2,000 மணி நேரத்தைத் தாண்டாது.

சராசரிச் சுமை மாறாமல் மணி நேரம் மட்டும் பாதியானால் விஎஃப்டி சில்லர் சுமார் 5 லட்சம் நட்டத்தில் முடியும். இந்த எண்களில் இரண்டும் சமமாகும் இடம் ஏறத்தாழ 2,200 மணி நேரம். கட்டடம் எப்போது நிரம்பும் என்று உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால் 300 டன்னை ஒரே இயந்திரமாக வாங்காமல், இன்றைய சுமைக்கு ஒன்று இப்போதும் மற்றொன்று பின்னரும் என்று பிரித்து, மூன்றாவது தெரிவாக இதே சூத்திரத்தில் கணக்கிட்டுப் பாருங்கள். பின்னர் வாங்கும் இயந்திரத்தின் விலையை வாங்கும் ஆண்டு வரை உயர்த்தி, அங்கிருந்து தள்ளுபடி செய்ய வேண்டும்.