பிளகினை எடுத்தாச்சு, ஆனா போகலை: கேள்வி பதில்

பாளையங்கோட்டையில இருந்து கடை, பள்ளிக்கூடம், டிராவல்ஸ்னு 40 வேர்ட்பிரஸ் சைட்டைப் பாத்துக்கிட்டு வாரேன். பிளகின் பத்தி என்ன வேணும்னாலும் கேளுங்கன்னு சொல்லியிருந்தேன். வந்த கேள்விகள்ல சில:

பத்தமடை பாய் கடைக்காரர்: அண்ணாச்சி, சைட்ல 34 பிளகின் கிடக்கு. 20-க்கு மேல போகக்கூடாதுன்னு ஒரு தம்பி சொல்லுதான். போதாக்குறைக்கு, ஒரு பாய் விலைய 650-லருந்து 720 ஆக்குனேன். எனக்கு 720 காட்டுது, வாங்க வாரவங்க 650-னு காட்டி சண்டை போடுதாங்க.

20-ங்கிற கணக்கு எங்கேயும் கிடையாது. பத்து வரி கோடு உள்ள பிளகின் பதினைஞ்சு இருந்தாலும் சைட்டுக்குத் தெரியாது. ஒவ்வொரு பக்கத்துலயும் ஸ்லைடர் ஃபைலை இறக்குற ஒரே பிளகின் போதும், படுத்துரும். எண்ணிக்கையை விடுங்க, வேலையை எண்ணுங்க. உங்க லிஸ்டை ஒரு தாள்ல எழுதி, பக்கத்துல அது பாக்குற வேலையை எழுதினேன். ஸ்லைடர் மூணு, எஸ்இஓ ரெண்டு, ஷேர் பட்டன் ரெண்டு. படத்தை மெதுவா இறக்குற லேசி லோடுக்கு ஒண்ணு, சைட்மேப்புக்கு ஒண்ணு. கடைசியா சொன்ன இந்த ரெண்டு வேலையும் 2020-ல வந்த 5.5-லருந்து வேர்ட்பிரஸ்ஸுக்குள்ளேயே இருக்கு. இந்த மாதிரி தேவையில்லாம கிடந்ததை எல்லாம் கழிச்சா 19 மிஞ்சுச்சு. தம்பிக்கு சந்தோஷமா இருக்கும், ஆனா அது தற்செயல்.

விலைக்கு வருவோம். உங்க சைட்டை இன்காக்னிட்டோ ஜன்னல்ல திறந்தேன், 650. அதே முகவரி கடைசியில `?x=1` சேத்துத் திறந்தேன், 720. அங்கேயே பாதி தெரிஞ்சுபோச்சு. விலை டேட்டாபேஸ்ல சரியா மாறியிருக்கு, வாரவங்களுக்கு மட்டும் எப்பவோ எடுத்துவெச்ச பக்கத்தை யாரோ நீட்டுதாங்க. லாகின் பண்ணுனவங்களுக்கும், கேள்விக்குறி உள்ள முகவரிக்கும், பக்கத்தை எடுத்துவெச்சுக் குடுக்குற கேஷ் பிளகின்கள் வழக்கமா பழைய பக்கத்தைக் குடுக்காது. அதனாலதான் உங்களுக்கு மட்டும் 720.

ஆனா உங்க இப்போதைய கேஷ் பிளகின்ல எல்லாத்தையும் அழிச்ச பிறகும் 650 தான் வந்துச்சு. பக்கத்தோட சோர்ஸைப் பாத்தேன். அடியில கேஷ் பிளகின்கள் தங்க பேரையும் நேரத்தையும் எழுதிவெக்கும். அங்க இருந்தது நீங்க எப்பவோ தூக்கிப்போட்ட பழைய பிளகினோட பேரு. கேட்டா, எஃப்டிபி-ல போய் ஃபோல்டரையே அழிச்சேன்னு சொல்லுதீங்க. வினை அதுதான். டாஷ்போர்டுல டீஆக்டிவேட் அழுத்துனா, நல்ல பிளகின் தான் வெச்சதை எல்லாம் சுருட்டிக்கிட்டுப் போகும். ஃபோல்டரை மட்டும் அழிச்சா சுருட்டுறதுக்கு ஆளே இல்ல. சர்வருக்கு உத்தரவு எழுதுற `.htaccess` ஃபைல்ல அது எழுதுன வரிகளும், `wp-content/cache`-ல அது சேத்துவெச்ச பக்கங்களும் அப்படியே கிடந்துச்சு. சர்வர் வேர்ட்பிரஸ்ஸை எழுப்பாமலே அந்தப் பக்கத்தை நேரா குடுத்துருது. புது பிளகினுக்கு இப்படி ஒண்ணு நடக்குறதே தெரியாது.

பேக்கப் எடுத்துட்டு, பழைய பிளகின் பேருல `# BEGIN`, `# END` போட்டிருந்த வரிகளை எடுத்தேன். `# BEGIN WordPress`-லருந்து `# END WordPress` வரைக்கும் உள்ளதைத் தொடலை, நீங்களும் தொடாதீங்க. பெறகு கேஷ் ஃபோல்டருக்குள்ள இருந்ததைக் காலி பண்ணினேன். 720 வந்துருச்சு.

தென்காசி, ட்ராவல்ஸ்: ஆக்டிவ்ல இல்லாத பிளகின் ஓடவே ஓடாதே. அப்போ டீஆக்டிவேட் பண்ணி வெச்சா போதும்லா? எதுக்கு டெலிட்?

வேகத்துக்கு நீங்க சொல்லுதது சரி. பாதுகாப்புக்குச் சரியில்ல. வேர்ட்பிரஸ் அதை எழுப்பாது, ஆனா ஃபைல் சர்வர்ல இருக்கு. அதோட முகவரியை நேரா கூப்பிடுறவனுக்கு வேர்ட்பிரஸ்ஸே தேவையில்ல. 2020 செப்டம்பர்ல ஃபைல் மேனேஜர் பிளகின்ல நடந்தது இதுதான். 7 லட்சம் சைட்ல இருந்த பிளகின். `connector.minimal.php`-னு ஒரு ஃபைலை வெளியில இருந்து நேரா கூப்பிட்டு, லாகினே இல்லாம என்ன ஃபைல் வேணும்னாலும் ஏத்த முடிஞ்சுது. 6.9-ல அடைச்சாங்க. பூட்டுன வீட்டுல பின்கதவு திறந்து கிடந்த கதைதான். ஒரு மாசம் தேவைப்படலைன்னா டெலிட் பண்ணிருங்க.

டெலிட்டும் முழு சுத்தம் இல்ல. நிறைய பிளகின் தன் செட்டிங்ஸை டேட்டாபேஸ்ல விட்டுட்டுப் போகும். அதுல ஆட்டோலோடுன்னு குறிச்சது ஒவ்வொரு பக்கத்துக்கும் சேந்து ஏறும். 6.6-லருந்து வந்த வெர்ஷன்கள்ல இது 800 கேபி-யைத் தாண்டுனா சைட் ஹெல்த் பக்கத்துல எச்சரிக்கை வரும். யாரு இடத்தை அடைக்குதான்னு பாக்க:

```sql
SELECT option_name, LENGTH(option_value) AS size
FROM wp_options
WHERE autoload IN ('yes','on','auto','auto-on')
ORDER BY size DESC LIMIT 20;
```

`wp_` உங்க சைட்டுல வேற எழுத்தா இருக்கலாம். பேரைப் பாத்து எந்தப் பிளகினுதுன்னு அடையாளம் தெரிஞ்சதை மட்டும் அழிங்க. தெரியாததை விட்டுருங்க.

அம்பாசமுத்திரம்: எனக்கும் அதே கேஷ் பிரச்சினைதான் அண்ணாச்சி. தினமும் குரோம்ல கேஷ், குக்கி எல்லாம் அழிக்கேன். போக மாட்டேங்குது.

அது உங்க வீட்டுத் திண்ணையைப் பெருக்குற கேஷ். நான் சொன்னது சர்வர்ல இருக்கறது. நீங்க எத்தனை தடவை பெருக்குனாலும் அங்க குப்பை குறையாது. அந்த `?x=1` சோதனையைப் பண்ணிப் பாத்துட்டு என்ன வருதுன்னு சொல்லுங்க.

பாளையங்கோட்டை ஆசிரியை: சேர்க்கை படிவத்துல சமர்ப்பி அழுத்தினா சுத்திக்கிட்டே நிக்குது. எந்தப் பிளகின்னு கண்டுபிடிக்க எல்லாத்தையும் அணைக்கணும்னு சொல்றாங்க. சேர்க்கை நேரத்துல எப்படி அணைக்க, அண்ணாச்சி?

அணைக்க வேண்டாம் டீச்சர். Health Check & Troubleshooting-னு ஒரு பிளகின் இருக்கு. அதுல ட்ரபிள்ஷூட்டிங் மோடைப் போட்டா உங்க ஒருத்தருக்கு மட்டும்தான் எல்லாம் அணையும், பெத்தவங்களுக்கு சைட் வழக்கம்போல ஓடும். முதல்ல படிவப் பிளகினை மட்டும் திறந்து அனுப்பிப் பாருங்க. போகுதுன்னா மிச்சத்துல பாதியைத் திறங்க. கெட்டுப்போனா வினை அந்தப் பாதியில இருக்கு, போனா அடுத்த பாதியில. வினை உள்ள பாதியை மறுபடி மறுபடி பாதியாக்கிக்கிட்டே போனா, 32 பிளகின்னாலும் அஞ்சு தடவையில ஒத்தையா பிடிச்சுரலாம். ஒண்ணொண்ணா போனா மத்தியானம் ஆகிரும். ஒரு குறை, மேல பத்தமடைக்காரருக்கு வந்த மாதிரி `.htaccess`-ல ஒளிஞ்சிருக்கிறதை இது பிடிக்காது. கண்டுபிடிச்சதும் வேலை முடிஞ்சுதுன்னு மோடை அணைக்க மறந்துராதீங்க.

மேலப்பாளையம்: நண்பன் ஒருத்தன் காசு குடுத்து வாங்குற பிளகினை சும்மா குடுத்தான். ரெண்டு வருஷமா நல்லாத்தான் ஓடுது.

ஓடும். யாருக்காக ஓடுதுன்னுதான் கேள்வி. லைசென்ஸ் உடைச்ச ஜிப்புல கூடவே நாலு வரி சேத்து வெக்கிறது வழக்கம். அப்டேட்டும் வராது. எடுத்துருங்க. எடுத்த பெறகு யூசர் லிஸ்ட்ல உங்களுக்குத் தெரியாத அட்மின் யாரும் இருக்காங்களான்னு பாருங்க.

நாங்குநேரி, டெவலப்பர்: இத்தனை பாடு எதுக்கு? சின்ன வேலைக்கெல்லாம் `functions.php`-ல பத்து வரி எழுதிட்டா பிளகினே வேண்டாம். நான் அப்படித்தான் பண்ணுதேன்.

பண்ணுவீங்க, நீங்க கோடு எழுதுற ஆளு. ஆனா அந்த ஃபைல் தீம்ல இருக்கு. சைல்ட் தீம் இல்லாம அப்டேட் ஆனா உங்க பத்து வரி போயிரும். தீம் அப்டேட் தொடாத `mu-plugins` ஃபோல்டர்ல ஒரு ஃபைலா வெச்சா நான் ஒத்துக்கிடுவேன். ஒரு சந்தேகம் மட்டும் எனக்கு இன்னும் தீரலை. நீங்க அந்த வாடிக்கையாளரை விட்டுப் போன பெறகு, அந்தப் பத்து வரியை யாரு அப்டேட் பண்ணுவா? பிளகினா இருந்தா சிவப்பு வட்டத்துல ஒரு எண்ணாவது வந்து நிக்கும்.