பரிசு விழுந்தா மட்டும் ஏன் நேரா 30 பர்சன்ட்?

கேள்வி: எனக்கு வருஷ சம்பளம் 6 லட்சம், டாக்ஸே வராது. போன டிசம்பர்ல ஒரு லக்கி டிராவுல 2 லட்சம் விழுந்துச்சு, ஆனா அக்கவுண்ட்ல ஏறினது 1,40,000 தான். ரிட்டர்ன் போட்டா அந்த 60,000 திரும்பி வருமா? கூப்பன் வாங்கவே 8,000 செலவு பண்ணிருக்கேன், அதையாவது கழிக்க முடியுமா?

பதில்: வராதுங்க. அது மட்டுமில்ல, இன்னும் ஒரு 2,400 ரூபா நீங்கதான் கட்டணும். கூப்பன் செலவையும் கழிக்க முடியாது.

இந்தியாவுல குலுக்கல் பரிசை சம்பளத்தோட சேர்த்துப் பார்க்க மாட்டாங்க. லாட்டரி, குதிரைப் பந்தயம், சீட்டாட்டம், டிவி கேம் ஷோ இதுல வர்ற பணத்துக்கெல்லாம், உங்களுக்குப் பரிசு விழுந்த 2025-26 வருஷத்துக்குப் பொருந்துற 1961 வருமான வரிச் சட்டத்துல 115பிபின்னு தனி பிரிவு இருக்கு. "நான் லாட்டரி டிக்கெட்டே வாங்கலையே, கடை கூப்பன்தானே"ன்னு கேப்பீங்க, ஆனா எந்தப் பேர்ல நடந்தாலும் சரி, குலுக்கிப் போட்டு அதிர்ஷ்டத்துல கொடுக்கிற பரிசு எல்லாமே லாட்டரிதான்னு சட்டத்துலயே எழுதிவச்சிருக்காங்க. ரேட் நேரா 30 பர்சன்ட், அந்த வரி மேல 4 பர்சன்ட் செஸ்ங்கிற கூடுதல் வரி. ஸ்லாப் கிடையாது, முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லங்கிற சலுகை இந்தப் பணத்துக்கு ஒட்டாது, 80சி மாதிரி கழிவும் ஒட்டாது.

உங்க கணக்கையே போட்டுப் பாப்போம், 2025-26 வருஷம், புது ரெஜிம். சம்பளம் 6 லட்சத்துல ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 75,000 போனா 5,25,000. அதுக்கு ஸ்லாப் படி வர்ற 6,250 ரூபாயை ரிபேட்ங்கிற வரித் தள்ளுபடி அடிச்சிடும், ஆக சம்பளத்துக்கு வரி பூஜ்யம். பரிசு 2 லட்சத்துக்கு 30 பர்சன்ட் 60,000, அதுக்கு செஸ் 2,400, மொத்தம் 62,400. பரிசு கொடுத்தவங்க டிடிஎஸ்ஸா பிடிச்சது வெறும் 30 பர்சன்ட், ஏன்னா அந்த டிடிஎஸ்ல செஸ் சேர்க்க மாட்டாங்க. அதான் அந்த 2,400 பாக்கி நிக்குது. நிறைய பேர் "டிடிஎஸ் பிடிச்சாச்சு, கதை முடிஞ்சது"ன்னு விட்டுடுவாங்க, அப்புறம் நோட்டீஸ் வந்ததும் முழிப்பாங்க.

இப்ப இதே 2 லட்சத்தை உங்க கம்பெனி போனஸா கொடுத்திருந்தா? சம்பளம் 8 லட்சம், கழிவு போக 7,25,000, ரிபேட் எல்லைக்குள்ளயே இருக்கு, வரி பூஜ்யம். உழைச்சு வந்தா ஒண்ணுமில்ல, குலுக்கல்ல வந்தா 62,400. சரி, 30 லட்சம் சம்பளம் வாங்கற ஒருத்தருக்கு அதே 2 லட்சம் போனஸ் வந்தா? அவர் ஏற்கனவே உச்சி ஸ்லாப்ல நிக்கிறாரு, 30 பர்சன்ட் பிளஸ் செஸ், அதே 62,400. அதாவது இந்த ஒரே ரேட்டுங்கிறது உச்சி ஸ்லாப் ரேட்தான், யாரா இருந்தாலும் அந்தப் பணத்தை மட்டும் பணக்காரர் பணமா வச்சு வரி போடறாங்க. அவருக்கு வித்தியாசமே தெரியாது, அடி முழுக்க உங்களை மாதிரி சின்ன சம்பளக்காரங்களுக்குத்தான். எனக்கு இதுல நியாயம் தெரியல, ஆனா காரணம் இல்லாம வைக்கல.

முதல் காரணம் வசூல். பரிசு கொடுக்கறவருக்கு உங்க சம்பளம் எவ்வளவு, எந்த ஸ்லாப்னு தெரியாது, தெரிஞ்சுக்க வழியும் இல்ல. ஆபீஸ்னா வருஷம் பூரா கணக்கு பாத்து மாசாமாசம் பிடிப்பாங்க, இங்க ஒரே ஒரு தடவைதான் பணம் கை மாறுது, விட்டா ஆளைப் பிடிக்க முடியாது. ஒரே ரேட்டா இருந்தா யாருன்னு பாக்காம வெட்டிட்டு மிச்சத்தைக் கொடுத்துடலாம்.

ரெண்டாவது காரணம்தான் உங்க 8,000 ரூபா கூப்பனுக்கு பதில். செலவைக் கழிக்கலாம்னு விட்டா, விழாத டிக்கெட்டைக் கீழேர்ந்து பொறுக்கிட்டு வந்துகூட "இதெல்லாம் நான் வாங்கினது"ன்னு நீட்டலாம், யார் வாங்கினாங்கன்னு எந்த அதிகாரி கண்டுபிடிக்க? அமெரிக்காவுல ரிட்டர்ன்ல செலவுகளைத் தனித்தனியா காட்டிக் கழிக்கறவங்களுக்கு, ஜெயிச்ச தொகைக்கு மேல போகாம, தோத்ததைக் கழிக்க விடறாங்க. அதனாலயே அங்க தோத்த டிக்கெட்டைக் கட்டுக்கட்டா சேர்த்து வச்சு நோட்டு எழுதறவங்க இருக்காங்க. இங்க அந்தத் தலைவலியே வேணாம்னு கதவை மூடிட்டாங்க.

மூணாவது, ஸ்லாப்ங்கிறதே வருஷாவருஷம் வர்ற வருமானத்தை வச்சு ஆளோட சக்தியை அளக்கிற விஷயம். என்னைக்கோ ஒரு நாள் விழுற பணம் அந்த அளவுகோல்ல சரியா உக்காராது. அதனாலதான் 1972 வரைக்கும் இங்க லாட்டரிக்கு வருமான வரியே இல்லாம இருந்துச்சு, எப்பவோ ஒருதடவை வர்றது வருமானமே இல்லன்னு பாத்தாங்க. அப்புறம் வரிக்குள்ள கொண்டு வந்தாங்க, 1986ல தனிப் பிரிவு போட்டு 40 பர்சன்ட்னு வச்சாங்க, பிறகு அது 30 ஆச்சு.

எல்லா நாட்டுலயும் இப்படி இல்ல. பிரிட்டன்ல ஜெயிச்சவர் பரிசுக்கு வரியே கட்டவேணாம், டிக்கெட் விக்கிற பணத்துலயே 12 பர்சன்ட் அரசு எடுத்துடுது. ஸ்பெயின்ல முதல் 40,000 யூரோவை விட்டுட்டு மீதிக்கு 20 பர்சன்ட். அமெரிக்காவுல பெரிய லாட்டரிப் பரிசுல 24 பர்சன்ட் முதல்லயே பிடிப்பாங்க, ஆனா அது முன்பணம் மாதிரிதான், பரிசு மத்த வருமானத்தோட சேர்ந்து ஸ்லாப்ல ஏறி 37 வரை போகும்.

சரி, இப்ப நீங்க செய்ய வேண்டியது. முதல்ல உங்க பேர்ல கட்டின வரியைக் காட்டற 26ஏஎஸ் ஸ்டேட்மென்ட்ல போய் அந்த 60,000 உங்க பான் நம்பர்ல ஏறிருக்கான்னு பாருங்க. ஏறலன்னா வெட்டினவங்க அரசுக்குக் கட்டாம இருக்கலாம், இல்ல கணக்கைச் சரியா தாக்கல் பண்ணாம இருக்கலாம், உடனே அவங்ககிட்ட டிடிஎஸ் பிடிச்சதுக்கான 16ஏ சர்டிபிகேட் கேளுங்க. அடுத்து ரிட்டர்ன், வழக்கமா போடற ஐடிஆர் 1 இதுக்கு செல்லாது, ஐடிஆர் 2 தான், அதுல மத்த வருமானங்கிற பகுதில முழு 2 லட்சத்தையும் காட்டணும், கைக்கு வந்த 1,40,000ஐ இல்ல. இதுல தப்பு பண்றவங்கதான் அதிகம். 2,400ஐ கட்டிட்டு ரிட்டர்ன் போடுங்க. 10,000க்கு உள்ள விழுந்த சின்னப் பரிசுக்கு டிடிஎஸ் பிடிக்க மாட்டாங்க, அதுக்காக வரி இல்லன்னு நெனச்சுடாதீங்க, அதையும் காட்டணும்.

ஒருவேளை அடுத்து பைக்கோ காரோ விழுந்தா ஒரு விஷயம் வேற மாதிரி இருக்கும். பொருளை வெட்டிக் கொடுக்க முடியாதுல்ல, அதனால வரி கட்டியாச்சுன்னு உறுதி பண்ணிட்டுத்தான் சாவியைக் கொடுக்கணும்னு சட்டம், வரியை நீங்க தனியா கட்ட வேண்டி வரலாம். இதைத்தான் மோசடிக்காரங்க பிடிச்சுக்கறாங்க, "பரிசு விழுந்துச்சு, டாக்ஸை இந்த நம்பருக்கு அனுப்புங்க"ன்னு. ரொக்கப் பரிசுன்னா வரியை அதுலயே கழிச்சுடுவாங்க, முன்னாடி அனுப்பச் சொன்னாலே பொய். பொருள்னா, கட்டின வரி உங்க பான்லயே வந்து நிக்கணும். யாரோ ஒருத்தரோட பர்சனல் யுபிஐ ஐடிக்குப் போனா எங்கயும் நிக்காது.