காற்று யார் முகத்துக்கு வருகிறது?

"மார்த்தாண்டத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறேன். கீமோ மருந்தை நாங்களேதான் கலக்குகிறோம். அதற்கென்று புதிதாக 'லேமினார் ஃப்ளோ' மெஷின் வாங்கியிருக்கிறார்கள். வாரத்தில் 2 நாள் தியேட்டர் ரெக்கவரியிலும் டியூட்டி. எனக்கு இப்போது 7 வாரக் கர்ப்பம். என்95 மாஸ்க்கும் கையுறையும் போட்டால் போதுமா?"

போதாது சிஸ்டர். மாஸ்க்கை விடுங்கள், அந்த மெஷின்தான் என் முதல் கவலை. 'லேமினார் ஃப்ளோ' என்று ஏஜென்ட்கள் விற்பதில் பல மெஷின்களில் காற்று பின்சுவரிலிருந்து கிளம்பி, மருந்தைத் தாண்டி, முன்னால் உட்கார்ந்திருப்பவர் முகத்தில் வந்து முடியும். மருந்தில் கிருமி விழாமல் பார்ப்பதுதான் அதன் வேலை. கலக்குபவரைப் பற்றி அதற்குக் கவலை இல்லை.

கண் மருந்து தயாரிக்கவும், நரம்பில் ஏற்றும் ஊட்டச்சத்துத் திரவம் கலக்கவும் அது நல்ல மெஷின்தான், குறை சொல்ல மாட்டேன். அந்த வேலை இருந்தால் வைத்துக்கொள்ளட்டும், விற்கக்கூட வேண்டாம். கீமோ மருந்தை மட்டும் அதற்குள் கொண்டுபோகக் கூடாது. அதற்கு வேண்டியது இரண்டாம் வகுப்பு பயோசேஃப்டி கேபினட். அதில் காற்று மேலிருந்து கீழே இறங்கும், முன்வாயில் அறைக்காற்று உள்ளே இழுபடும். வடிகட்டிய காற்றைக் கட்டடத்துக்கு வெளியே விடக் குழாயும் போட வேண்டும். செலவு கூடும் என்பதால் ஏஜென்ட் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்.

உங்களிடம் இருப்பது எது என்று நீங்களே பார்க்கலாம். மருந்து எதுவும் வெளியே இல்லாத நேரத்தில் சீலிங் ஃபேனை அணைத்துவிட்டு மெஷினை ஓட விடுங்கள். டிஷ்யூ பேப்பரை விரல் அகலத்துக்குக் கிழித்து முன்வாய் ஓரத்தில் பிடியுங்கள். கீற்று உங்கள் பக்கம் பறந்தால் அது தப்பான மெஷின்.

சரியான கேபினட் இருந்தாலும் மருந்து முக்கியமாகத் தோல் வழியாகத்தான் போகும். சைக்ளோபாஸ்பமைடு என்ற கீமோ மருந்தையே எடுத்துக்கொள்வோம். 500 மில்லிகிராம் குப்பிக்கு 25 மில்லி திரவம் சேர்க்க வேண்டும். மூடிய குப்பிக்குள் அதை ஒரே தள்ளாகத் தள்ளினால் உள்ளே அழுத்தம் ஏறி, ஊசியை உருவும்போது கண்ணுக்குத் தெரியாத சாரல் அடிக்கும். அது கையிலும் மேசையிலும் படியும், அங்கிருந்து டீ கிளாஸுக்குப் போகும். எனவே கொஞ்சம் திரவம் விட்டு, விட்டதைவிடச் சற்று அதிகமாகக் காற்றை இழுத்து, மறுபடி கொஞ்சம் என்று போக வேண்டும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் மேசையை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு 'சுத்தம்' என்பார்கள். ஸ்பிரிட் இந்த மருந்தை அழிக்காது, பரப்பத்தான் செய்யும். முதலில் சோப்புத் தண்ணீரால் துடைக்க வேண்டும். துடைத்த துணி, செல்லைக் கொல்லும் மருந்து என்பதைக் காட்டும் சைட்டோடாக்சிக் குறியிட்ட மஞ்சள் பைக்குப் போகும். அந்தப் பையை 1200 டிகிரிக்கு மேல் எரிக்க வேண்டும் என்று 2016 மருத்துவக் கழிவு விதியே சொல்கிறது.

கையுறையிலும் ஏமாற்று உண்டு. வினைல் கையுறையைக் 'கீமோ கிளவ்' என்று தள்ளிவிடுவார்கள். கீமோ மருந்து ஊடுருவுகிறதா என்று சோதிக்கும் தரம் ஏஎஸ்டிஎம் டி6978, பெட்டியில் அது அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். பவுடர் இல்லாத நைட்ரைல் இரண்டு ஜோடி போட்டு, அரை மணிக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வந்த பெட்டியைப் பிரிக்கும் பார்மசிஸ்டுக்கும் இது பொருந்தும். குப்பியின் வெளிப்பக்கத்திலேயே மருந்து ஒட்டி வருவதுண்டு.

அப்புறம் ரெக்கவரி. செவோஃபுளுரேன் என்ற மயக்க வாயு வாங்கிய நோயாளி மூச்சு விடும்போது அந்த வாயுவும் வெளியே வருகிறது. என்95 துகளைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. அமெரிக்காவில் 1977-இல் இந்த வகை வாயுக்களுக்குப் பரிந்துரைத்த வரம்பு, 10 லட்சம் பங்கு காற்றில் 2 பங்கு. மூக்குக்கு வாசனை தெரியும்போது பெரும்பாலும் அது தாண்டியிருக்கும். நம்மூர் ரெக்கவரி அறைகளில் ஸ்பிளிட் ஏசி ஒன்றைப் போட்டுக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். அது அறைக்காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றுமே தவிர வெளிக்காற்றைக் கொண்டுவராது. வெளிக்காற்று வரவும் உள்காற்று போகவும் வழி வேண்டும். அது வரும்வரை நோயாளியின் முகத்துக்கு நேரே குனியாமல் இடுப்புப் பக்கம் நில்லுங்கள்.

ஆனால் 7 வாரத்தில் நீங்கள் இந்த இரண்டு வேலையையும் பார்க்கவே கூடாது. கலக்குவது மட்டுமல்ல, கீமோ போட்ட நோயாளியின் சிறுநீர்ப் பாத்திரத்தையும் 48 மணி நேரம் வேறொருவர் கையுறையோடு எடுக்கட்டும். சட்டம் காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள். 1961 மகப்பேறு நலச் சட்டத்தில் கடின வேலை மறுக்க எழுதியிருந்தது, பிரசவத்துக்கு முந்தைய 6 வாரத்தில் லீவு எடுக்காத நாட்களுக்கும் அதற்கு முந்தைய ஒரு மாதத்துக்கும்தான். குழந்தையின் உறுப்புகள் உருவாவதோ முதல் 3 மாதத்தில். இதை எழுதியவர்கள் ஒரு மகப்பேறு டாக்டரிடமாவது கேட்டிருக்கலாம்.

அதனால் நாளைக்கே நர்ஸிங் சூப்பிரண்டிடம் எழுதிக் கொடுங்கள். 'கர்ப்பமாக இருக்கிறேன், சைட்டோடாக்சிக் மருந்துப் பணியிலிருந்தும் ரெக்கவரியிலிருந்தும் மாற்றுங்கள்' என்று இரண்டு வரி போதும். உங்கள் மகப்பேறு டாக்டரின் சீட்டையும் சேர்த்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னதை மாதக் கடைசியில் யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள்.