பினாயிலை முதலில் கழுவி எடுங்கள்

எங்கள் கடுவன் பூனை ஹாலில் விரித்திருக்கும் ஜமுக்காளத்தில் ஒரே மூலையாகப் பார்த்து ஒரு மாதமாகச் சிறுநீர் கழிக்கிறது. கீழே ரெட் ஆக்சைடு தரை. தினமும் பினாயில் போட்டுத் துடைக்கிறேன், சாம்பிராணி காட்டுகிறேன், ரூம் ஸ்பிரேயும் அடிக்கிறேன். வெயில் நாளில் ஒன்றும் தெரிவதில்லை. ஒரு மழை பெய்தால் வீடே நாறுகிறது. என்சைம் கிளீனர் வாங்கி அடித்தும் பலனில்லை. ஜமுக்காளத்தைத் தூக்கிப் போட்டுவிடவா?
- பெயர் வேண்டாம், கிருஷ்ணகிரி

தூக்கிப் போட வேண்டாம். கிளீனரையும் குறை சொல்ல வேண்டாம். நீங்கள் தினமும் ஊற்றிய பினாயில்தான் அதை வேலை செய்ய விடாமல் தடுத்திருக்கும் என்று நினைக்கிறேன். இதே தப்பை நானும் செய்திருக்கிறேன்.

பூனைச் சிறுநீரில் ஃபெலினைன் என்று கந்தகம் சேர்ந்த ஒரு பொருள் உண்டு. கருத்தடை செய்யாத கடுவனிடம் அது மிக அதிகம். சிறுநீர் காய்ந்த பிறகு இது மெல்லச் சிதைந்து, கந்தக வாடை வீசும் பொருட்களாக மாறுகிறது. இன்னொரு பக்கம், சிறுநீரில் உள்ள யூரியாவை பாக்டீரியாக்கள் உடைத்து அமோனியா ஆக்குகின்றன. தண்ணீர் ஊற்றித் துடைத்தால் மேலே இருப்பது போய்விடும். நூலுக்குள் இறங்கிக் காய்ந்தது அங்கேயே கிடக்கும். காற்றில் ஈரம் ஏறியதும் மறுபடி வாடை கிளம்பும். மழை நாளில் மட்டும் நாறுவதற்குக் காரணம் இதுதான். சாம்பிராணியும் ஸ்பிரேயும் நம் மூக்கை மட்டும் கொஞ்ச நேரம் ஏமாற்றும். பூனையின் மூக்கை ஏமாற்றாது. மல்லிகை வாசனைக்கு அடியில் தன் அடையாளம் இருப்பது அதற்குத் தெரியும், அதே மூலைக்குத் திரும்பி வரும்.

என்சைம் கிளீனர் இந்தக் கழிவையே உடைத்து எடுக்கிறது. பாட்டிலில் என்சைம்கள் இருக்கும். பல கிளீனர்களில் அவற்றைச் சுரக்கும் நல்ல பாக்டீரியாக்களும் சேர்ந்திருக்கும். கிருமியைக் கொல்வதற்கென்றே செய்த பினாயில் அந்த பாக்டீரியாக்களை மட்டும் விட்டுவைக்குமா? பிளீச்சிங் பவுடரும் அப்படித்தான். கொதிக்கும் வெந்நீர் ஊற்றினாலும் என்சைம் கெட்டுவிடும். பிளீச்சிங் பவுடரைச் சிறுநீர் மேல் கொட்டுவது வேறு விதத்திலும் ஆபத்து. அமோனியாவோடு சேர்ந்து மூச்சை அடைக்கும் நச்சு வாயு கிளம்பும்.

போன கோடையில் தருமபுரியில் என் அக்கா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கேயும் ஒரு கடுவன், அங்கேயும் ஜமுக்காளம். நான் போய் என்சைம் கிளீனரைத் தெளித்து, ஃபேனைப் போட்டுவிட்டு வந்தேன். அரை மணி நேரத்தில் காய்ந்து போச்சு. வாடை அப்படியே இருந்தது. பிறகுதான் உறைத்தது: என்சைம் ஈரமாக இருக்கும்வரைதான் வேலை செய்யும். நம் பக்கத்து வறண்ட காற்றில், அதுவும் ஃபேனுக்கடியில், அதற்கு நேரமே கிடைக்கவில்லை. போதாததற்கு அக்கா காலையில் அதே இடத்தை பினாயிலால் துடைத்திருந்தார்.

இரண்டாம் முறை இப்படிச் செய்தோம். ஜமுக்காளத்தைப் புரட்டிப் பார்த்தால், மேலே உள்ளங்கை அளவு தெரிந்த கறை அடிப்பக்கம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பரவியிருந்தது. அந்த வட்டத்தைவிட நான்கு விரல் கூடுதலாகச் சாக்பீஸால் கோடு போட்டோம். அதற்குள் வெறும் தண்ணீரை ஊற்றி, பழைய துண்டால் அழுத்தி ஒற்றி எடுத்தோம். தேய்க்கவில்லை, தேய்த்தால் கறை இன்னும் விரியும். பினாயில் வாசனை போகும்வரை நான்கைந்து தடவை இப்படி. அப்புறம் ஒரு மூலையில் இரண்டு சொட்டு கிளீனர் விட்டு, வெள்ளைத் துணியால் ஒற்றிச் சாயம் இறங்குகிறதா என்று பார்த்தோம். சிவப்புச் சாயத்தை நம்ப முடியாது. இறங்கவில்லை என்றதும் கிளீனரைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றினோம். தெளிப்பது போதாது. சிறுநீர் எவ்வளவு ஆழம் போனதோ அவ்வளவு ஆழம் கிளீனரும் போக வேண்டும். அந்தத் தட்டளவு இடத்துக்குக் கால் லிட்டர் பிடித்தது. மேலே பிளாஸ்டிக் ஷீட்டைப் போட்டு, ஓரங்களில் செங்கல் வைத்து, ஒரு நாள் முழுக்க விட்டோம். நடுவில் வாடை கொஞ்சம் கூடியது. அதற்குப் பயந்து நிறுத்த வேண்டாம், பழைய கழிவு இளகும்போது அப்படித்தான் ஆகும். மறுநாள் ஷீட்டை எடுத்து, நிழலில் காற்றாட உலர்த்தினோம். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை செய்த பிறகுதான் முழுதாகப் போனது.

உங்கள் ஜமுக்காளம் பருத்தி என்றால் கவலையில்லை. கம்பளி அல்லது பட்டு கலந்த விரிப்பாக இருந்தால் இப்படி ஊறப் போடாதீர்கள். புரதத்தை உடைக்கும் என்சைம் கம்பளி நூலையும் அரிக்கும், அதுவும் புரதம்தானே.

ஜமுக்காளத்தை மட்டும் கவனித்துவிட்டுத் தரையை விட்டால் பாதி வேலைதான். ரெட் ஆக்சைடு தரை பார்க்கப் பளபளவென்று இருந்தாலும், மெழுகு தேய்ந்த இடத்திலும் வெடிப்பிலும் சிறுநீரைக் குடித்துவிடும். அங்கேயும் அதே முறைதான்: முதலில் வெறும் தண்ணீர், பிறகு கிளீனர், மேலே நனைந்த துணி, அதற்கு மேல் பிளாஸ்டிக். ஆசிட் ஊற்றாதீர்கள், சிமென்ட்டை அரித்து இன்னும் நிறைய துளைகளை உண்டாக்கிவிடும். வருடக்கணக்காக ஊறிய தரை என்றால் கிளீனரால் மட்டும் ஆகாது. நன்றாக உலரவிட்டு மேலே சீலர் பூச வேண்டியிருக்கும். உங்களுடையது ஒரு மாதக் கதைதான், அந்த அளவுக்குப் போயிருக்காது.

அடுத்த கடிதத்தில் யாராவது நிச்சயம் கேட்பார்கள் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். எலுமிச்சைத் தோல், வெல்லம், தண்ணீர் போட்டு மூன்று மாதம் ஊறவைக்கும் வீட்டு 'பயோ என்சைம்' இதற்கு உதவாது. பெயரில் என்சைம் இருந்தாலும் அது பெரும்பாலும் வினிகர் மாதிரி ஒரு புளித்த அமிலம். அடுப்பு மேடை துடைக்க நல்லது. பூனைக் கறைக்கு அதுவும் இன்னொரு வாசனைதான். கடையில் வாங்கும்போதும் '99.9% கிருமிகளைக் கொல்லும்' என்று எழுதிய பாட்டிலை வைத்துவிட்டு வாருங்கள்.

பினாயிலை வீட்டில் ஒரேயடியாக நிறுத்துவது பூனைக்கும் நல்லது. ஃபீனால் வகைப் பொருட்களைப் பூனையின் கல்லீரலால் சரியாக வெளியேற்ற முடியாது. அது தரையில் நடந்துவிட்டு பாதத்தை நக்கும்.

கடுவனுக்குக் கருத்தடை செய்யவில்லை என்றால், சுத்தம் செய்த கையோடு கால்நடை மருத்துவரிடம் அதையும் பேசுங்கள். அது முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் போனாலோ, போகவே முடியாமல் கத்தினாலோ இந்தப் பத்தியைப் படித்துக்கொண்டிருக்காமல் அன்றே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். கடுவனுக்குச் சிறுநீர் அடைத்தால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.

எல்லாம் உலர்ந்த பிறகு, வாடை போனதா என்று தெரிந்துகொள்ள அடுத்த மழை வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இரவு படுக்கும் முன் அந்த இடத்தில் வெறும் தண்ணீரைத் தெளித்துவிட்டு, காலையில் குனிந்து முகர்ந்து பாருங்கள். லேசாக வந்தாலும் இன்னொரு கால் லிட்டர் ஊற்றுங்கள்.