பட்டனை அழுத்தியதும் திரையில் அடி விழாதது ஏன்?

"பிஎஸ்5-இல் சண்டை கேம் ஆடுகிறேன். எதிராளியின் அடியைப் பார்த்துத் தடுத்தாலும் தாமதமாகிறது. டிவியா, கண்ட்ரோலரா, வைஃபையா?"

பட்டனை அழுத்தியதற்கும் அதன் விளைவு திரையில் தெரிவதற்கும் இடைப்பட்ட நேரமே உள்ளீட்டுத் தாமதம். பெரும்பாலும் முதல் குற்றவாளி டிவிதான். அசைவை மென்மையாக்க, அடுத்த படம் வரும்வரை கையிலுள்ள படத்தை அது நிறுத்திவைக்கிறது. அடுத்த பயணி ஏறாமல் கிளம்பாத ஷேர் ஆட்டோவைப் போல.

நொடிக்கு 60 படங்கள் ஓடும் கேமில் 22 படங்கள் எடுக்கும் அடி, சுமார் 367 மில்லி விநாடிக்குப் பின் விழும். கண்டு கையசைக்க 250 போனால் மிச்சம் 117. டிவி 100-ஐ விழுங்கினால், தடுக்க ஒரு படத்தின் நேரமே எஞ்சும். டிவியின் Game Mode-ஐ இயக்கினால் பல டிவிகளில் இந்தத் தாமதம் 20-க்கும் கீழே இறங்கிவிடும்.

கண்ட்ரோலரைக் கேபிளில் இணைத்தால் மிச்சமாவது சில மில்லி விநாடிகளே. ஆனாலும் ஒரே அறையில் பல புளூடூத் கருவிகள் இருந்தால் சிக்னல் தடுமாறும் என்பதால், கேபிளைச் செருகி, அமைப்புகளில் Communication Method என்பதை Use USB Cable என மாற்றுங்கள். இல்லையேல் கேபிள் சார்ஜ் மட்டுமே செய்யக்கூடும்.

வைஃபையின் கோளாறு வேறு வகை: ஆன்லைனில் மட்டும் எதிராளி துள்ளித் துள்ளி நகர்வார். துப்பாக்கிச் சண்டை கேம்களில் சுட்ட குண்டு படாமல் போகும். லேன் கேபிளே இதற்கு நம்பகமான தீர்வு.

டிவி, மானிட்டர் பெட்டிகளில் அச்சிடப்படும் "1 மில்லி விநாடி" என்பது புள்ளிகள் நிறம் மாறும் வேகமே தவிர, உள்ளீட்டுத் தாமதம் அன்று.