மூன்று நாவல்களும் ஒருவர் எழுதியவை என்று வாசகருக்குத் தெரியவைப்பது எப்படி?

கேள்வி: பெங்களூரில் இருந்து தமிழில் நாவல் எழுதுகிறேன். இரண்டு வெளிவந்துவிட்டன, மூன்றாவது அச்சுக்குப் போகிறது. முதல் நாவலைப் பாராட்டியவர்களுக்கே இரண்டாவது வந்தது தெரியவில்லை. அட்டை, கூட்டங்களில் பேசுவது, வாசகர்களுக்கு மின்மடல் அனுப்புவது ஆகியவற்றால் எனக்கென்று ஓர் அடையாளத்தை எப்படி உருவாக்கிக்கொள்வது?

பதில்:

எனக்கும் இதேதான் நேர்ந்தது. என்னுடைய முதல் நாவல் கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றியது. இரண்டாவது 1898ஆம் ஆண்டு பெங்களூரில் பரவிய பிளேக் நோயைப் பற்றியது, மூன்றாவது ஒரு துணி ஆலையைப் பற்றியது. இரண்டாவது வெளிவந்த ஆண்டில், ஒரு புத்தகக் கண்காட்சியில், அந்த நாவலைக் கையில் எடுத்துப் புரட்டிவிட்டு வைத்த பெரியவர் ஒருவர், "தங்கவயல் பற்றி ஒரு நாவல் வந்ததே, அதை எழுதியவர் வேறு ஏதாவது எழுதியிருக்கிறாரா?" என்று கடைக்காரரிடம் கேட்டார். அவர் தேடியது ஒரு நிமிடத்திற்கு முன் அவர் கையில்தான் இருந்தது. அவருக்கு என் பெயர் நினைவில் இல்லை, தங்கவயல்தான் நினைவில் இருந்தது. முதல் அட்டையில் ஒரு பழைய புகைப்படமும், இரண்டாவதில் ஓர் ஓவியமும் இருந்தன. இரண்டிலும் என் பெயர் வெவ்வேறு எழுத்துருவில், வெவ்வேறு மூலையில், சிறிதாக அச்சாகியிருந்தது. அவர் என்னை அடையாளம் காண நான் எந்த வழியும் வைக்கவில்லை.

அட்டைக்கு முன்பு பெயரைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. முதல் நூலில் தலைப்பெழுத்துடனும் இரண்டாவதில் அது இல்லாமலும் என் பெயர் வந்திருந்தது. இணைய விற்பனைத் தளங்களில் ஆங்கில எழுத்துக்கூட்டலும் நூலுக்கு நூல் மாறியிருந்ததால், தளம் என்னை இரண்டு வேறு எழுத்தாளர்களாகவே காட்டியது. ஒரு நூலின் பக்கத்தில் என் பெயரைத் தொட்டால் மற்றது வராது. ஆகவே, தமிழில் ஒரே வடிவம், ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டல் என்று முடிவுசெய்து, பதிப்பாளர்களிடம் விற்பனைத் தளங்களில் கொடுத்த விவரங்களைத் திருத்தித் தரும்படி எழுத்தில் கேட்டேன். மறு அச்சில் அட்டையை மட்டும் மாற்றுவதற்குப் புதிய ஐஎஸ்பிஎன் தேவையில்லை என்பதையும் அப்போது சொல்ல வேண்டியிருந்தது. உள்ளடக்கமும் கட்டுமான வகையும் பதிப்பாளரும் மாறாதவரை பழைய எண்ணே போதும்.

அடுத்து அட்டை. ஒரு சீரான பாணி என்றால் எல்லா அட்டைகளும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்று நினைத்து, மூன்றாவது நாவலுக்கு முதல் மாதிரி செய்தபோது தவறிவிட்டேன். மூன்றுக்கும் அதே செம்மண் நிறம், அதே இடத்தில் ஒரு கோட்டோவியம். அச்சிட்ட மாதிரிகளை நண்பர்கள் சிலரிடம் காட்டியபோது, மூன்றாவதைப் பார்த்த ஒருவர் "இது என்னிடம் இருக்கிறதே" என்றார். முன்பு நூல்கள் ஒருவருடையவை என்று தெரியவில்லை, இப்போது வேறு வேறு நூல்கள் என்றே தெரியவில்லை. இரண்டும் விற்பனையைக் கெடுக்கும், இரண்டாவது வகைத் தவறு இன்னும் மோசம், ஏனெனில் அது ஏற்கெனவே நம்மை விரும்பும் வாசகரையே திருப்பி அனுப்பிவிடுகிறது.

அதன்பின் எது மாறாதது, எது மாறுவது என்று வடிவமைப்பாளருடன் உட்கார்ந்து பிரித்தோம். மாறாதவை மூன்றே: அட்டையின் கீழ்ப்பகுதியில் முழு அகலத்திற்கும் ஓடும் ஒரு வெளிர்நிறப் பட்டை, அதில் ஒரே எழுத்துருவில் ஒரே அளவில் என் பெயர், பட்டைக்கு மேலே ஒரே ஒரு பொருளின் ஓவியம். அந்த ஓவியத்தை எப்போதும் ஒரே ஓவியர், ஒரே தடிமனுள்ள கோட்டில் வரைகிறார். மாறுபவை பின்னணி நிறமும் அந்தப் பொருளும்: தங்கவயல் நாவலுக்குச் செம்மண் நிறத்தில் சுரங்கத்தில் இறங்கும் கூண்டு, பிளேக் நாவலுக்கு மஞ்சளில் வேப்பிலைக் கொத்து, ஆலை நாவலுக்குக் கருநீலத்தில் நூல்கண்டு. பெங்களூரில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருப்பதை அறிந்தவருக்கு அந்த வேப்பிலை எதைச் சொல்கிறது என்று விளக்க வேண்டியதில்லை.

இதைச் சோதிப்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு. மூன்று அட்டைகளையும் கைபேசித் திரையில் கட்டைவிரல் நகத்தின் அளவுக்குச் சுருக்கி, கருப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். மின்னூல் கருவிகள் பலவற்றில் அட்டை கருப்பு வெள்ளையில்தான் தெரியும். அந்த நிலையில் பெயர் படிக்க முடிய வேண்டும், மூன்றும் ஒரே குடும்பம் என்று தெரிய வேண்டும், அதே சமயம் மூன்றும் வேறு வேறு என்றும் தெரிய வேண்டும். தமிழில் இங்கேதான் சிக்கல் வருகிறது. ண, ஞ, னை போன்ற எழுத்துகளின் சுழிகள் சுருங்கும்போது அடைத்துக்கொள்கின்றன. தடித்த, அலங்காரமான எழுத்துரு முழு அளவில் கம்பீரமாக இருக்கும், சுருங்கியதும் கறையாகிவிடும். சுழிகள் அகலமாகத் திறந்திருக்கும் நடுத்தரத் தடிமனுள்ள எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தபின் அது தீர்ந்தது.

அச்சகம் மாறினால் நிறமும் மாறும். திரையில் பார்க்கும் பளிச்சென்ற நீலம் நான்கு நிற அச்சில் மங்கி ஊதாவாக வரும். அதனால் ஒவ்வொரு பின்னணியின் நான்கு நிற விகிதங்களையும் எண்களாக ஒரு தாளில் எழுதி, முன்பு அச்சான அட்டை ஒன்றையும் சேர்த்து அச்சகத்துக்கு அனுப்புகிறேன். முதுகையும் மறந்துவிடாதீர்கள், நூலகத்திலும் வீட்டு அலமாரியிலும் கண்ணில் படுவது அதுதான். 240 பக்க நூலில் 120 தாள்கள் இருக்கும். தாளின் தடிமன் 0.1 மி.மீ. என்றால் முதுகு 12 மி.மீ. இருக்கும். மறு அச்சில் தாளை மாற்றினால் இந்தக் கணக்கு மாறி, முதுகில் இருக்க வேண்டியது முன்பக்கத்துக்கு வழிந்துவிடும். அச்சகத்திடம் தாளின் தடிமனைக் கேட்டறிந்த பிறகே கோப்பை முடிக்கச் சொல்ல வேண்டும்.

பதிப்பாளர் இதற்கெல்லாம் இணங்குவாரா என்று நீங்கள் கேட்கலாம். என் பதிப்பாளர்களில் ஒருவர் தங்கள் நிறுவனத்துக்கே உரிய அட்டை அமைப்பு இருப்பதாகச் சொல்லி மறுத்தார். அவருடன் நீண்ட பேச்சுக்குப் பிறகு, பெயரின் எழுத்துருவும் இடமும் ஓவியரும் மட்டும் மாறக்கூடாது, மற்றவை அவர்கள் விருப்பம் என்று ஒத்துக்கொண்டோம். அதுவே பெருமளவு போதுமானதாக இருந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே இதைக் கேட்பது நல்லது. அந்த ஓவியத்தைப் பேச்சு அறிவிப்பிலும் மடலிலும் பயன்படுத்த ஓவியரிடம் எழுத்தில் அனுமதி வாங்குவதும் அப்போதே நடக்க வேண்டும்.

பேச்சைப் பொறுத்தவரை, "நான் நாவல் எழுதிய அனுபவம்" என்ற தலைப்பில் பேசுவதை விட்டுவிட்டேன். அதைக் கேட்க வருபவர்கள் பெரும்பாலும் நண்பர்களே. அல்சூர் ஏரிக்கரையில் உள்ள தமிழ்ச் சங்கம் போன்ற இடங்களில், குடியிருப்போர் சங்கங்களில், "தங்கவயலுக்குப் போன வட ஆற்காட்டுக் குடும்பங்கள்" என்று பேசினால், அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து சுரங்கத்துக்கு மின்சாரம் வந்ததையும், 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டதையும் சொல்லும்போது, அவையில் இருப்பவர்கள் தங்கள் தாத்தாவின் கதையைச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். 40 நிமிடம் பேசி, 20 நிமிடம் அவர்களைப் பேச விடுகிறேன். அழைப்பிதழிலும் மேசை விரிப்பிலும் அதே வெளிர்நிறப் பட்டையும் அதே எழுத்துருவும் இருக்கும். ஆண்டுக்கு நான்கு பேச்சுகளுக்கு மேல் ஒத்துக்கொள்வதில்லை. அதற்கு மேல் போனால் ஒரே ஊரில் அதே முகங்கள்தான் வருகின்றன, எழுதும் நேரமும் போய்விடுகிறது.

பேச்சின் உண்மையான பயன், அங்கே கிடைக்கும் மின்னஞ்சல் முகவரிகள்தாம். இரண்டு நாவல்களுக்கிடையே எனக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அவ்வளவு காலம் ஒரு வாசகர் நம்மை நினைவில் வைத்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. மேசையில் ஒரு குறிப்பேடும், கைபேசியால் படிக்கும் ஒரு கட்டக் குறியும் வைக்கிறேன். குறிப்பேட்டில் கையால் எழுதிய முகவரிகளில் சில எப்போதும் தவறாகப் படிக்கப்பட்டுத் திரும்பி வரும். ஆகவே இரண்டு நாளைக்குள் ஓர் உறுதிப்படுத்தும் அஞ்சல் அனுப்பி, அதில் உள்ள இணைப்பைத் தொட்டவர்களை மட்டுமே பட்டியலில் சேர்க்கிறேன். அப்படி ஒரு கூட்டத்தில் 31 பேர் எழுதினார்கள், 22 பேர் உறுதிசெய்தார்கள். மீதி 9 பேரைச் சேர்க்காமல் விட மனம் வராது, ஆனால் கேட்காதவருக்கு அனுப்பும் மடலை அவர் குப்பை அஞ்சல் என்று குறித்தால், மற்ற 22 பேருக்கும் அது போய்ச் சேராமல் போகலாம்.

மடலை ஜிமெயிலிலிருந்து மறைநகலாக அனுப்பத் தொடங்காதீர்கள். ஒரு நாளைக்கு 500 பேர் என்ற வரம்பு இருப்பது ஒருபுறம், விலகிக்கொள்ள வாசகருக்கு வழி இல்லாதது மறுபுறம். சொந்தப் பெயரில் ஒரு டொமைன் வாங்கி, மடல் உண்மையில் உங்களுடையதுதான் என்று மற்ற அஞ்சல் சேவைகளுக்கு உறுதிசெய்யும் SPF, DKIM பதிவுகளை மடல் சேவை நிறுவனத்திடம் பெற்று அதில் சேர்த்து, அந்த முகவரியிலிருந்து அனுப்புங்கள். தமிழுக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. ஏறத்தாழ 102 கிலோபைட்டைத் தாண்டும் அஞ்சலை ஜிமெயில் பாதியில் வெட்டிவிடுகிறது. யுனிகோடு தமிழில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் எடுத்துக்கொள்ளும், 'கோ' என்பதற்கே 6 பைட். நீண்ட மடலை வேர்டு கோப்பிலிருந்து ஒட்டினால் மறைந்திருக்கும் வடிவக் குறிகளும் சேர்ந்துகொண்டு அளவைத் தாண்டிவிடும். வெட்டுப்படுவது கடைசிப் பகுதி, விலகும் இணைப்பு இருப்பதும் அங்கேதான். வடிவம் நீக்கி வெறும் எழுத்தாக ஒட்டிய பிறகு எனக்கு இந்தத் தொல்லை வரவில்லை.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, சுமார் 500 சொற்களில், ஆய்வில் கிடைத்த ஒரே ஒரு விஷயத்தை எழுதுகிறேன். நூலைப் பற்றிய வரி கடைசியில் ஒன்றுதான் இருக்கும், அட்டையின் சிறு படத்துடன். எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணை நான் நம்புவதில்லை, ஏனெனில் ஆப்பிள் அஞ்சல் செயலி 2021 முதல் வாசகர் திறக்காதபோதும் திறந்ததாகக் காட்டக்கூடியது. பதில் எழுதியவர்களை மட்டும் எண்ணுகிறேன். சுரங்கக் கூண்டைப் பற்றிய மடலுக்கு, அதில் பல ஆண்டுகள் இறங்கிய ஒருவர், கூண்டின் கதவு நான் எழுதியதுபோல் திறக்காது என்று விளக்கி எழுதினார். அந்தத் திருத்தம் இரண்டாம் பதிப்பில் சேர்ந்தது, அதே பதிப்பில்தான் புதிய அட்டையும் வந்தது. முதல் பிரதியை அவருக்கு அனுப்பியபோது, அட்டையில் இருந்த கூண்டின் கதவையும் ஓவியர் அவர் சொன்னபடி மாற்றி வரைந்திருந்தார்.